வால்வு ஓரிடம், ஓசை வேறிடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இதய ஒலிகளைப் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்துமே சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: வால்வு இருக்கும் இடத்தில் அதன் ஓசை ஏன் கேட்பதில்லை?

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மைட்ரல் வால்வு இடது நான்காவது விலாக் குருத்தெலும்பின் மட்டத்தில், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது என்று உடற்கூறியல் புத்தகம் சொல்கிறது. வார்டில் சிஸ்டர், ஐந்தாவது விலா இடைவெளியில் ஸ்டெதாஸ்கோப்பை வை என்கிறார். எது சரி?

இரண்டும் சரி. புத்தகம் வால்வின் முகவரியைச் சொல்கிறது, சிஸ்டர் அதன் ஓசை வந்து சேரும் வாசலைச் சொல்கிறார்.

உங்கள் விரலாலேயே பார்க்கலாம். தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். சுமார் ஐந்து சென்டிமீட்டர் போனதும் குறுக்கே ஒரு மேடு தட்டுப்படும். இரண்டாவது விலா எலும்பு அந்த மேட்டில்தான் வந்து சேர்கிறது. அதற்கு நேர் கீழே உள்ள பள்ளம் இரண்டாவது விலா இடைவெளி. அங்கிருந்து எண்ணிக்கொண்டு போனால் தப்பாது. காரை எலும்பிலிருந்து எண்ணத் தொடங்கினால் பெரும்பாலும் ஒன்று தவறிவிடும், ஏனென்றால் முதல் விலா விரலுக்குச் சரியாகச் சிக்காது.

இப்போது வால்வுகள். பல்மனரி வால்வு, இடது மூன்றாவது குருத்தெலும்பு மார்பெலும்பைத் தொடும் இடத்துக்குப் பின்னால். அதற்குச் சற்றுக் கீழே, மார்பெலும்பின் இடது பாதிக்குப் பின்னால் அயோர்ட்டிக். அதற்கும் கீழே நான்காவது குருத்தெலும்பு மட்டத்தில் மைட்ரல். அதை அடுத்து, மார்பெலும்பின் வலது பாதிப் பக்கமாக ட்ரைகஸ்பிட். நான்கும் ஒரு சாய்கோட்டில், உள்ளங்கைக்குள் அடங்கும் இடத்தில் நெருங்கிக் கிடக்கின்றன. நான்கு ஓசைகளும் அங்கே ஒன்றோடொன்று கலந்துவிடும், போதாததற்கு முன்னால் எலும்பு வேறு. அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எது எதனுடையது என்று பிரித்தறிய முடியாது.

அதனால் ஒவ்வொரு வால்வின் ஓசையையும் அது மார்புச் சுவருக்குப் பக்கத்தில் வந்து சேரும் இடத்தில் பிடிக்கிறோம். அயோர்ட்டிக் வால்வைத் தாண்டிய ரத்தம் பெருந்தமனி வழியாக மேலே வலப்பக்கமாகப் போகிறது, ஆகவே வலது இரண்டாவது இடைவெளி. பல்மனரி வால்வைத் தாண்டியது மேலே இடப்பக்கமாக, ஆகவே இடது இரண்டாவது இடைவெளி. ட்ரைகஸ்பிட்டைத் தாண்டியது இதயத்தின் வலது கீழறையான வலது வென்ட்ரிக்கிளுக்குள் போகிறது, ஆகவே மார்பெலும்பின் கீழ்ப்பகுதியின் இடது ஓரம். மைட்ரலைத் தாண்டியது இடது வென்ட்ரிக்கிளின் நுனியை நோக்கிப் போகிறது. அந்த நுனி மார்புச் சுவரைத் தட்டும் இடம்தான் உங்கள் சிஸ்டர் காட்டிய ஐந்தாவது இடைவெளி, காரை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே இறங்கும் கோட்டில்.

நான் இயற்பியல் ஆசிரியர். திரவத்தில் ஒலி நொடிக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேல் போகும். ரத்தம் நொடிக்கு ஒரு மீட்டர் போனால் அதிகம். அப்படியிருக்க, ரத்தம் ஒலியை இழுத்துக்கொண்டு போகிறது என்பது எப்படி?

உங்கள் சந்தேகம் நியாயமானது, மருத்துவ மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆற்றில் இலை போவது போல ரத்தத்தில் ஒலி மிதந்து போவதில்லை. ரத்தத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1570 மீட்டர். அதன் எதிரே ஒரு மீட்டர் ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை. ஒலி எல்லாத் திசையிலும்தான் போகிறது.

அப்படியானால் ஓட்டத்தின் திசையில் ஏன் கூடுதலாகக் கேட்கிறது? ஓசை பிறக்கும் இடமே வால்வுக்கு அப்பால் இருக்கிறது. ஏரி மதகை நினைத்துப் பாருங்கள். மதகைச் சிறிதளவு திறந்தால் ஏரிப் பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். மதகின் வாயிலும் வழவழவென்று கண்ணாடி போலத்தான் பாயும். இரைச்சலும் நுரையும் வாயைத் தாண்டிச் சில அடி தள்ளி, வேகமான நீர் மெதுவான நீரில் மோதிச் சுழலும் இடத்தில். சுருங்கிய அயோர்ட்டிக் வால்விலும் இதேதான் நடக்கிறது. துளையை நோக்கி வரும் ரத்தம் ஒழுங்காக வருகிறது. வெளியேறிய பீச்சுதான் உடைந்து சுழல்களாகிறது. அந்தச் சுழல்களின் அழுத்த ஏற்ற இறக்கம் பெருந்தமனிச் சுவரை உதறுகிறது. நம் காதுக்கு வரும் மர்மர் ஒலி அந்தச் சுவரின் நடுக்கம். தோட்டத்து ரப்பர் குழாயை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் அழுத்திய இடத்துக்கு முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் போகும் பக்கம் குழாய் அதிர்வது விரலுக்குத் தெரியும். வகுப்பில் செய்து காட்டலாம்.

இரண்டாவது காரணம் வழி. காற்று நிறைந்த நுரையீரல் ஒலிக்கு மோசமான பாதை. திசுவும் காற்றும் சந்திக்கும் இடத்தில் பெரும்பகுதி ஒலி திரும்பிப்போய்விடும். ரத்தம் நிறைந்த அறையோ பெரிய குழாயோ மார்புச் சுவரை நெருங்கும் இடத்தில்தான் ஒலி அதிகம் தேயாமல் வெளியே வரும். ஓட்டத்தின் திசையும் இந்த நல்ல வழியும் பெரும்பாலும் ஒன்றாக அமைந்துவிடுவதால், ‘ஓட்டத்தோடு ஓசை போகும்’ என்ற சுருக்கம் வேலை செய்கிறது.

ஒரு எல்லையையும் சொல்லிவிடுகிறேன். வழக்கமான ‘லப்–டப்’ சுழல் ஓசை அல்ல. மூடிய வால்வு விறைத்து, ஓடிவந்த ரத்தத்தைச் சட்டென்று நிறுத்தும்போது வால்வும் சுவரும் ரத்தமும் சேர்ந்து அதிர்வது. அதற்கு இரண்டாவது காரணம் மட்டுமே பொருந்தும். முதல் காரணம் மர்மருக்கு உரியது.

ஹவுஸ் சர்ஜன். 68 வயதுப் பெரியவர், நடந்தால் மூச்சு வாங்குகிறது. வலது இரண்டாவது இடைவெளியில் கரகரப்பான மர்மர். நுனியிலும் ஒன்று கேட்கிறது, அது கொஞ்சம் இசை போல இருக்கிறது. இரண்டு வால்வும் கெட்டிருக்கிறது என்று எழுதினேன். சீஃப், ‘ஒரே வால்வுதான், திரும்பப் போய்க் கேள்’ என்றார்.

நானும் பயிற்சிக் காலத்தில் இதே தவறைச் செய்தேன், எக்கோ ரிப்போர்ட் வந்த பிறகுதான் புரிந்தது. அயோர்ட்டிக் வால்வு சுண்ணாம்பு படிந்து சுருங்கிய முதியவர்களிடம், ஓசையின் கரகரப்பான பகுதி மேலே, பெருந்தமனி வழியாகக் கழுத்துக்குப் போகும். அதே ஓசையின் உச்ச ஸ்தாயிப் பகுதி இடது வென்ட்ரிக்கிள் வழியாக நுனிக்கு வந்து, மைட்ரல் கசிவு போல ஏமாற்றும். இதற்குக் கல்லவர்தென் நிகழ்வு என்று பெயர்.

திரும்பப் போகும்போது இதைச் செய்யுங்கள். முதலில் கழுத்தில், கரோடிட் தமனி மேல் கேளுங்கள். அங்கே கரகரப்புக் கேட்டு, நாடி மெதுவாக, சோம்பலாக எழும்பினால் அயோர்ட்டிக் பக்கம் சாய்கிறது. அடுத்து நுனியிலிருந்து இடது அக்குளுக்கு நகருங்கள். மைட்ரல் கசிவாக இருந்தால் ரத்தம் பின்பக்கம் உள்ள இடது மேலறையான ஏட்ரியத்துக்குள் திரும்பிப் பாய்வதால், ஓசை அக்குளுக்கும் முதுகுக்கும் தொடர்ந்து வரும். ஆக, நாம் பார்ப்பது ரத்தம் போக வேண்டிய திசையை அல்ல, உண்மையில் போகிற திசையை.

மூன்றாவது சோதனை பொறுமை கேட்கும். இடையில் முந்திக்கொண்டு ஒரு துடிப்பு வந்து, பிறகு நீண்ட இடைவெளி விழுந்தால், அடுத்த துடிப்பின் ஓசையைக் கவனியுங்கள். அந்த இடைவெளியில் வென்ட்ரிக்கிள் கூடுதலாக நிரம்பும், பெருந்தமனி அழுத்தமும் இறங்கியிருக்கும். அதனால் அயோர்ட்டிக் மர்மர் அந்தத் துடிப்பில் எடுப்பாக உரத்துக் கேட்கும். மைட்ரல் கசிவின் ஓசை பெரும்பாலும் அப்படியே இருக்கும். நுனியில் கேட்கும் அந்த இசையும் சேர்ந்து உரத்தால், அதுவும் அயோர்ட்டிக்தான்.

எக்கோவில் பீச்சின் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். நொடிக்கு 4.2 மீட்டர் என்று வந்தால் 4 × 4.2², அதாவது வால்வுக்கு இருபுறமும் சுமார் 71 மில்லிமீட்டர் பாதரச உச்ச அழுத்த வேறுபாடு. வேகம் 4 மீட்டரைத் தொட்டாலே கடுமையான சுருக்கம் என்று கணக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். ஓசை சிறிதாக இருந்தால் நோய் சிறிது என்று நினைக்காதீர்கள். இதயம் தளர்ந்து ரத்தத்தை வேகமாகத் தள்ள முடியாமல் போனால், வால்வு எவ்வளவு மோசமாக இருந்தாலும் மர்மர் தணிந்துவிடும். இன்னொன்று, மைட்ரலின் பின் இதழ் தளர்ந்து பிதுங்கினால் கசியும் பீச்சு முன்பக்கம் திரும்பி, பெருந்தமனி வேர்ப் பக்கமாக மோதும். அப்போது மைட்ரல் ஓசையே மேலே கேட்டு, அயோர்ட்டிக் என்று உங்களை ஏமாற்றும். ஒரே வால்வு, இதழ் மாறினால் ஓசையின் ஊரே மாறுகிறது.

அயோர்ட்டிக் இடம் வலது இரண்டாவது இடைவெளி என்கிறீர்கள். பிறகு அயோர்ட்டிக் கசிவை ஏன் இடது மூன்றாவது இடைவெளியில் தேடச் சொல்கிறார்கள்?

கசிவில் ரத்தம் பெருந்தமனியிலிருந்து இடது வென்ட்ரிக்கிளுக்குள் திரும்பி விழுகிறது. ஓசையும் கீழே இடப்பக்கமாகப் பிறக்கிறது. நோயாளியை உட்கார்ந்து முன்னால் சாயச் சொல்லுங்கள், மூச்சை முழுக்க வெளியே விட்டு நிறுத்தச் சொல்லுங்கள், ஸ்டெதாஸ்கோப்பின் டயாஃப்ரத்தை இடது மூன்றாவது இடைவெளியில் நன்றாக அழுத்தி வையுங்கள். ‘டப்’புக்குப் பிறகு ஊதுவது போன்ற மெல்லிய ஓசை, போகப் போகத் தேயும். மல்லாந்து படுத்திருந்தால் பலமுறை கேட்காமலே போய்விடும்.

அப்பா முப்பது வருடம் பீடி குடித்தவர். மருத்துவர் நெஞ்சில் அங்குமிங்கும் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மேல்வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதயத்தைக் கேட்டார். இதயம் இறங்கிவிட்டதா என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், மருத்துவர் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார். புகையால் நுரையீரல் காற்று அடைத்த பை போல உப்பிவிட்டால், இதயத்துக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே காற்று மெத்தை போல வந்துவிடும். வழக்கமான நான்கு இடங்களிலும் ஓசை மங்கிவிடும். உதரவிதானமும் தாழ்ந்திருப்பதால் மார்பெலும்பின் கீழ் நுனிக்கு அடியில், மேல்வயிற்றில், இதயம் நெருக்கமாகக் கிடைக்கிறது. அங்கே ஓசை தெளிவாகக் கேட்கும். அப்பாவின் நுரையீரல் நிலையைத் தெரிந்துகொள்ள ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சு ஊதும் சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை போகும்போது, அதைச் செய்ய வேண்டுமா என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.