பால் கசிந்தால் மூளையில் கட்டியா?

“வயது 29. மனச்சிதைவுக்காக எட்டு மாதமாக ரிஸ்பெரிடோன் 4 மி.கி. சாப்பிடுகிறேன். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. மார்பை அழுத்தினால் பால் போல வருகிறது. புரோலாக்டின் 96. மூளைக் கட்டி என்று இணையத்தில் படித்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டு கேபர்கோலின் சாப்பிடலாமா?”

நிறுத்தாதீர்கள். கேபர்கோலினை நீங்களாக வாங்கியும் சாப்பிடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் புரோலாக்டின். அது அதிகம் சுரக்காமல் பிடித்து வைத்திருப்பது மூளையில் உள்ள டோபமின் என்ற ரசாயனம். உங்கள் மாத்திரை டோபமினைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அந்தப் பிடி தளர்ந்ததும் புரோலாக்டின் ஏறிவிட்டது. கேபர்கோலின் நேர் எதிராக டோபமின் வேலையைச் செய்யும். எண் இறங்கும், ஆனால் அடங்கியிருக்கும் மனநோய் மறுபடி கிளம்பலாம்.

ரிஸ்பெரிடோனில் 96 என்பது அடிக்கடி பார்க்கிற எண். மாத்திரை தொடங்கிய பிறகுதானே எல்லாம் வந்தது? அப்படியானால் கட்டியைப் பற்றி நான் கேட்பது ஒன்றுதான்: நடக்கும்போது பக்கவாட்டில் இருக்கும் ஆளோ கதவோ தெரியாமல் இடித்துக்கொள்கிறீர்களா? புரோலாக்டினைச் சுரப்பது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. அதில் வளரும் கட்டி பார்வை நரம்பை அழுத்தினால் இரு பக்கப் பார்வையும் இப்படிக் குறுகும். அதுவோ, விடாத புதுத் தலைவலியோ இருந்தால் நாள் கடத்தாமல் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு ஸ்கேன் தேவைப்படாது.

முதலில் கர்ப்பப் பரிசோதனை. சிரிக்காதீர்கள், பலர் மறப்பது இதைத்தான். அப்புறம் தைராய்டு, சிறுநீரகத்தைப் பார்க்க கிரியேட்டினின், கூடவே காலையில் வெறும் வயிற்றில் இன்னொரு முறை புரோலாக்டின். ரத்தம் எடுக்கும் பதற்றத்திலேயே அது சற்று ஏறும். வாந்திக்கு டாம்பெரிடோன் சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள், அதுவும் ஏற்றும். பால் வருகிறதா என்று தினமும் அழுத்திப் பார்ப்பதை விடுங்கள். அழுத்த அழுத்தச் சுரக்கும்.

கசிவால் ஆபத்து இல்லை. ஆனால் மாதவிடாய் நின்றே இருப்பதை விட்டுவைக்க முடியாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து, வருடக்கணக்கில் போனால் எலும்பு தேயும். ஆசை குறைந்திருக்கிறதா, உறவின்போது வறட்சியா என்பதையும் மனநல மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவராகக் கேட்பது அபூர்வம்.

அவர் மூன்று வழி யோசிப்பார். நோய் நன்றாக அடங்கியிருந்தால் அளவைக் கொஞ்சம் குறைக்கலாம். ரிஸ்பெரிடோன் உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, மாற்றப் பயம் என்றால் அதோடு அரிபிப்ரசோல் 5 மி.கி. சேர்க்கலாம். அது டோபமினைப் பாதி தடுத்துப் பாதி தூண்டும் மருந்து. சில வாரங்களில் புரோலாக்டின் இறங்குவதைப் பார்க்கலாம். சிலருக்கு இருப்புக்கொள்ளாத பரபரப்பு வரும், வந்தால் சொல்ல வேண்டும். மூன்றாவது, அரிபிப்ரசோலுக்கோ குவெட்டியாபினுக்கோ படிப்படியாக மாறுவது. மாறும் வாரங்களில் தூக்கம் கெட்டாலோ குரல்கள் திரும்பினாலோ உடனே தெரிவிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பலர் சொல்லாமல் விடுவார்கள்: புரோலாக்டின் இறங்கினால், முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கரு தங்கலாம். குழந்தை இப்போது வேண்டாம் என்றால் கருத்தடையை அன்றே பேசிவிடுங்கள்.