டாலி தெரிந்த பெண்ணுக்கு அமெரிக்கக் கடைக் கணக்கு

பி.காம் முடித்து டாலியும் கற்ற உங்கள் மகள் சங்கரன்கோவிலில் இருந்தபடியே வெளிநாட்டு வேலை பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும் ஐயா. டேட்டா என்ட்ரி பக்கம் மட்டும் போக வேண்டாம். அது ஒருமுறை செய்து கொடுத்ததும் முடிந்துவிடும். கணக்கு எழுதும் வேலை மாதாமாதம் திரும்ப வரும்.

அமெரிக்கச் சிறு கடைகள் பெரும்பாலும் குவிக்புக்ஸ் ஆன்லைன் என்ற கணக்கு மென்பொருளில்தான் கணக்கு வைக்கின்றன. அதன் புரோஅட்வைசர் என்ற சான்றிதழுக்கான பயிற்சியும் தேர்வும் இலவசம். முதலில் அதை முடிக்கட்டும். பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வேலை தரும் இணையதளமான அப்வொர்க்கில் கணக்குத் தொடங்கலாம். பெயர் பான் கார்டில் உள்ளபடியே இருக்கட்டும். அங்கே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும், அது காசு. அதனால் "Payment verified" என்று காட்டும் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், வாரத்துக்கு ஐந்தாறு விண்ணப்பம் போதும்.

முதல் வேலை சிறியதாக இருக்கட்டும். உதாரணமாக, மூன்று மாத வங்கி வரவு செலவைச் சரிபார்த்துக் கொடுக்க 60 டாலர். அந்தத் தொகையை வாடிக்கையாளர் தளத்தில் கட்டிய பிறகே கை வைக்க வேண்டும். வங்கிக் கடவுச்சொல் வாங்கக் கூடாது; குவிக்புக்ஸில் அக்கவுண்டன்டாக அழைப்பு அனுப்பச் சொன்னால் போதும்.

புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். கடைக்காரர் 200 டாலருக்கு விற்றிருப்பார். கார்டு பணம் வசூலிக்கும் நிறுவனம் 2.9 சதவீதமும் 30 சென்டும் பிடித்துக்கொண்டு 193.90 டாலர்தான் வங்கியில் போட்டிருக்கும். 193.90-ஐயே விற்பனை என்று எழுதினாலும் வங்கிக் கணக்கு ஒத்துப்போகும், அதனால் தவறு கண்ணில் படாது. ஆனால் விற்பனை குறைந்து, 6.10 டாலர் கட்டணச் செலவு காணாமல் போயிருக்கும். விற்பனை 200, கட்டணம் 6.10 என்று பிரித்து எழுதி, முந்தைய மாதங்களில் இப்படி எவ்வளவு விட்டுப்போனது என்று ஒரு வரியில் சொல்லும் பெண்ணை அந்தக் கடைக்காரர் எளிதில் விடமாட்டார்.

வேலையை ஒப்படைக்கும் அன்றே அடுத்ததையும் கேட்டுவிட வேண்டும்: "ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் முந்தைய மாதக் கணக்கை முடித்துத் தருகிறேன், மாதக் கட்டணம் இவ்வளவு." சந்தேகங்களை நாளுக்கு நாலு முறை கேட்காமல், தேதி, தொகை, கேள்வி என்று ஒரே பட்டியலாக அனுப்பட்டும். நம் மாலை ஏழு மணி நியூயார்க்கில் காலை. பதில் அன்றிரவே வரும். இப்படி மூன்று நான்கு கடைகள் நிலைத்தால், புதிதாக விண்ணப்பிக்க வேண்டிய தேவை குறையும்.

சிலர், "தளத்துக்கு ஏன் கமிஷன்? நேராக அனுப்புகிறேன்" என்பார்கள். முதல் இரண்டு ஆண்டுக்கு அது விதிமீறல், கணக்கே முடக்கப்படலாம். வேலை தருமுன் டெலிகிராமுக்கு வரச் சொல்லி முன்பணம் கேட்பவர் மோசடிக்காரர்தான். உடனே விலகிவிடச் சொல்லுங்கள்.