நைட்டி விளம்பரத்துக்கு 30 விநாடி ஸ்கிரிப்ட்

கேள்வி: வீட்டிலிருந்தே ஆன்லைனில் நைட்டியும் சுடிதாரும் விற்கிறேன். 30 விநாடி ரீல்ஸ் விளம்பரத்துக்கு ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது? பிரச்சினை, டெமோ, ஆஃபர் மூன்றும் வர வேண்டும் என்கிறார்கள்.

நீங்களும் எங்களைப் போல ஒரு தையல் மிஷின், ஒரு போன், ஒரு வாட்ஸப் எண் இவற்றை வைத்துத்தான் ஓட்டுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். பெரிய கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு "இப்படியெல்லாம் விளம்பரம் எடுக்க முடியாது" என்று சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்கு வேறு கணக்கு.

மதுரை வில்லாபுரத்தில் நானும் என் மதினியும் நைட்டி தைத்து விற்கிறோம். எங்களுக்கு முதலில் ஒரு விளம்பர ஏஜென்சி ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தது. கோபுரம், மல்லிகைப் பூ, மெதுவாக நடந்து வரும் ஒரு பெண், கடைசியில் "40 சதவீதம் தள்ளுபடி, சில பீஸ்களே உள்ளன". நான் வேண்டாம் என்றேன். பீஸ் அடுக்கடுக்காக வீட்டில் கிடக்கும்போது சிலதான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பொய்யான அவசரம் காட்டுவதை 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட, டார்க் பேட்டர்ன் என்கிற ஆன்லைன் ஏமாற்றுத் தந்திரங்களுக்கு எதிரான வழிகாட்டுதலே கூடாது என்கிறது. அதை விடுங்கள். அந்த ஸ்கிரிப்டில் பிரச்சினை ஒன்று, காட்டியது வேறு, ஆஃபர் மூன்றாவது ஒன்று. மூன்றும் ஒரே விஷயத்தைப் பேசாவிட்டால் பார்க்கிறவர் மனசில் எதுவும் நிற்காது.

பிரச்சினையை யோசித்துக் கண்டுபிடிக்காதீர்கள். உங்கள் வாட்ஸப்பில் பணம் போடுவதற்கு முன் என்ன கேட்கிறார்கள் என்று மேலே தள்ளிப் பாருங்கள். எங்களிடம் டிசைனைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "துவைச்சா சுருங்குமாக்கா?" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நியாயமான பயம். தண்ணீரே காட்டாத காட்டன் துணி முதல் சில துவைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கலாம். 55 இன்ச் நைட்டியில் அது இரண்டு இன்ச்சைக்கூடத் தாண்டலாம். கரண்டைக்கால் வரை இருந்தது மேலே ஏறி நிற்கும். நாங்கள் துணியை வெட்டுவதற்கு முன் ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயர்ன் செய்துதான் மேசையில் போடுவோம். சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே சுருங்கிவிடும். ஆனால் "நாங்கள் ஊறப்போடுகிறோம்" என்று சொன்னால் யார் நம்புவார்? காட்ட வேண்டும்.

இதுதான் நாங்கள் எழுதியது.

முதல் ஐந்து விநாடி: மதினி பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கேமரா காலில். "வாங்கும்போது கரண்டைக்கால் வரைக்கும் இருந்துச்சு. ரெண்டு தண்ணிக்கு அப்புறம் பாருங்க."

அடுத்த 15 விநாடி: மேசையில் எங்கள் புது நைட்டி, மேலே இன்ச் டேப். "55 இன்ச்." கீழ் ஓரத்தில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு. அதே ஷாட்டில் வாளிக்குள் போகிறது. அடுத்த ஷாட், அதே சிவப்பு முடிச்சு, அதே மேசை. "மூணு தடவை துவைச்சாச்சு. 54 அரை. அரை இன்ச் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

கடைசி பத்து விநாடி: "மூணு நைட்டி, கொரியரோட 1,140 ரூபாய். துவைச்ச பிறகு ஒரு இன்ச்சுக்கு மேல குறைஞ்சா டேப் வச்சு போட்டோ அனுப்புங்க, புதுசு தர்றோம். உங்க உயரத்தை வாட்ஸப் பண்ணுங்க."

மதினிக்கு அந்த அரை இன்ச்சைச் சொல்வதில் இஷ்டமில்லை. "அதை ஏன் நாமளே சொல்லணும்?" என்றார். கொஞ்சமும் குறையவில்லை என்றால்தான் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது என் கட்சி. சிவப்பு முடிச்சும் அதற்குத்தான். அது இல்லாவிட்டால் "வேற நைட்டியை மாத்தி வச்சுட்டீங்க" என்று கமெண்ட் வரும். அளக்கும்போது இரண்டு கவனம். துணியைக் கையால் இழுக்கக் கூடாது, மேசையில் தளர்வாக விரிய வேண்டும். ஈரத்தோடு அளக்கவே கூடாது. கொடியில் தொங்கும் ஈரத் துணி தன் பாரத்தாலேயே நீண்டு காட்டும், காய்ந்த பிறகு உண்மை தெரியும். வீடியோவில் வருகிற எண் உங்கள் துணியில் நீங்கள் அளந்ததாகத்தான் இருக்க வேண்டும். என்னுடைய அரை இன்ச்சை எடுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டேப் என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் துணி வாங்கும் கடையில் 100 மீட்டர் தான் என்று பில் போட்டுக் கொடுப்பார்கள், வீட்டில் விரித்து அளந்தால் 97. கேட்டால் "மடிப்புல போயிருக்கும்மா". மூன்று மீட்டர் எந்த மடிப்பில் போகும்? அது ஒரு நைட்டித் துணி. சின்ன அளவில் வாங்குகிறவர்கள் அளக்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. கடைப் பெயர் சொல்லப் போவதில்லை, எல்லாரும் அப்படி என்றும் சொல்லவில்லை. நீங்கள் வாங்கும்போது கடையிலேயே பிரித்து அளந்துவிடுங்கள்.

சரி, ஆஃபருக்கு வருகிறேன். அதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். "ஏழு நாளில் மாற்றித் தருவோம், துவைத்திருக்கக் கூடாது" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். துவைத்தால் சுருங்கும் என்று பயமுறுத்திவிட்டு, துவைத்தால் திருப்ப முடியாது என்றால் அது என்ன ஆஃபர்? நீங்கள் கிளப்பிய பயத்துக்குத்தான் உத்தரவாதம் தர வேண்டும். நஷ்டம் வராதா என்று கேட்பீர்கள். துணியை ஊறப்போடாமல் வெட்டுகிறவராக இருந்தால் கண்டிப்பாக வரும், அப்படியானால் இந்த ஸ்கிரிப்ட் உங்களுக்கு வேண்டாம்.

மூன்று என்ற கணக்கு தராசில் வந்தது. எங்கள் நைட்டி ஒன்று 300 கிராம் சுற்றி இருக்கும். ஒன்று அனுப்பினால் அரைக் கிலோ கட்டணம், மூன்று அனுப்பினால் கவரோடு ஒரு கிலோவுக்குள் அடங்கும். கட்டணம் மூன்று மடங்காக ஏறுவதில்லை. அந்த மிச்சத்தில்தான் கொரியரை விலைக்குள் சேர்க்க முடிந்தது. "40 சதவீதம்" என்றால் எதிலிருந்து 40 என்று கேட்பவர் யோசிக்க வேண்டும். 1,140 என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. விலையை இன்பாக்ஸில் சொல்கிறேன் என்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

எழுதியதைச் சத்தமாகப் படித்து மணி பாருங்கள். அவசரமில்லாமல் பேச, 30 விநாடிக்கு 60 சொல் போதும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, அதனால் 55, 54½, 1,140 மூன்றையும் எழுத்தில் போடுங்கள். திரையின் அடியில் போட்டால் கேப்ஷன் மறைத்துவிடும், நடுவில் போடுங்கள்.

விளம்பரம் வேலை செய்ததா என்று லைக்கை வைத்துப் பார்க்காதீர்கள். வருகிற முதல் மெசேஜைப் பாருங்கள். "விலை என்ன?" என்று கேட்டால் ஆஃபர் போய்ச் சேரவில்லை. "சுருங்குமா?" என்றே இன்னும் கேட்டால் டெமோ சரியில்லை. "5 அடி 3" என்று உயரம் மட்டும் வந்தால் ஸ்கிரிப்டில் கை வைக்காதீர்கள்.

சுடிதாருக்கு இதை அப்படியே போட வேண்டாம். அங்கே சாயம் போகிற பயமாக இருக்கலாம். அப்படியானால் டேப்புக்குப் பதில் ஈரமான வெள்ளைக் கர்ச்சீப்பால் துணியை நன்றாகத் தேய்த்துக் காட்டுங்கள். உத்தரவாதமும் சாயத்துக்கே இருக்கட்டும். கரும்சிவப்பில் முதலில் வீட்டிலேயே தேய்த்துப் பார்த்துவிட்டுக் கேமராவை எடுங்கள்.