ஈரத் தரைக்கு எந்தச் செருப்பு?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்தருகே, குளியல் குழாயைத் தாண்டி நடந்துகொண்டிருந்த என் அம்மா போன வாரம் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பு முறிவு ஏதும் இல்லை. புதிதாக வாங்கிய, தடிமனான, மெத்தென்ற செருப்பைத்தான் அணிந்திருந்தார். மாலையில் திருவான்மியூர் கடற்கரைக்கு நடக்கப் போகும்போதும் அதையேதான் போட்டுக்கொள்கிறார். அவருக்கு வயது 63. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. கடையில் எதைக் கேட்டாலும் 'வழுக்காது' என்றுதான் சொல்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? இரண்டு இடத்துக்கும் ஒரே செருப்பு போதுமா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் செருப்பைக் கவிழ்த்துவைத்து, குதிகாலின் பின்விளிம்பை ஒட்டிய இரண்டு விரல் அகலப் பகுதியை மட்டும் முதலில் பாருங்கள். நடக்கும்போது தரையை முதலில் தொடுவது அந்த இடம்தான். ஈரத் தரையில் பெரும்பாலான வழுக்கல்களும் அங்கேதான் தொடங்குகின்றன. ஆம்பூர்ப் பக்கம் காலணிகளின் அடிப்பாகம் வார்க்கும் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பல செருப்புகளில் முன்பாதத்தின் அடியில் அழகான வரிகள் இருக்கும், குதிகாலுக்கு வரும்போது நிறுவனத்தின் சின்னமும் அளவு எண்ணும் இடம்பிடித்துக்கொள்ள, அதைச் சுற்றி வழவழப்பான வெற்றிடம் விடப்பட்டிருக்கும். உங்கள் அம்மா அணிந்திருந்ததும் அப்படிப்பட்டதாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

ஈர டைல்ஸில் குதிகால் இறங்கும்போது செருப்புக்கும் தரைக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் சிக்கிக்கொள்கிறது. உடல் எடை முழுவதும் அந்தக் காலின் மேல் வருவதற்குள் அந்த நீர் வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் செருப்பு தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதந்து நழுவுகிறது. மழையில் தேய்ந்த டயர் வழுக்குவதும் இதே காரணத்தால்தான். ஆகவே அடிப்பாகத்துப் பள்ளங்கள் ஓரம்வரை திறந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் மூடிய குழிகள் பார்வைக்குச் சொரசொரப்பாக இருந்தாலும், அவற்றுக்குள் புகுந்த நீருக்குப் போக வழியில்லை. வரிகளின் விளிம்புகள் கூர்மையாக இருப்பதும் அவசியம், ஏனெனில் நீர்ப்படலத்தை அறுத்துத் தரையைத் தொடுபவை அந்த விளிம்புகளே. விரலால் தடவும்போது விளிம்பு நகத்தில் தட்டுப்பட வேண்டும். உருண்டு வழுகினால் அது அலங்காரம்.

வரி சரியாக அமைந்தாலும் மூலப்பொருள் கைவிட்டால் பயனில்லை. இன்று கடைகளில் மெத்தென்றும் இலேசாகவும் இருக்கும் செருப்புகளில் பெரும்பாலானவை ஈ.வி.ஏ. என்னும் நுரைப் பொருளால் ஆனவை. அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் நீரை உறிஞ்சாது, தண்ணீரில் மிதக்கும், விலையும் குறைவு. ஆனால் அச்சில் வார்க்கும்போது அதன் மேற்பரப்பில் வழவழப்பான ஒரு தோல் படிந்துவிடுகிறது. புதுச் செருப்பு அதிகமாக வழுக்குவதற்கு அந்தத் தோல் ஒரு முக்கியக் காரணம். ரப்பர் அப்படியல்ல; டைல்ஸின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து பதிந்து பிடித்துக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும்: ரப்பர் கனக்கும், மடக்கினால் இழுத்துக்கொண்டு திரும்பும், கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் உடனே மறையும். ஈ.வி.ஏ.வில் அந்தத் தடம் சற்று நேரம் நிற்கும். பி.வி.சி. அடிப்பாகம் கொண்டவை மலிவானவை. பளபளப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். குளத்தடிக்கு அவற்றை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வாங்கிய செருப்பை வீணாக்க மனமில்லையென்றால், அதன் அடிப்பாகத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து அந்தத் தோலை நீக்கிவிடலாம். பிடிமானம் ஓரளவு கூடும். கடற்கரை நடைக்கு அது போதும். குளத்தருகே வயதானவர் ஒருவர் நம்பி நடக்க அது போதாது.

கடையில் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பெரும்பாலான செருப்புக் கடைகளின் தரையே வழவழப்பான டைல்ஸ் அல்லது கிரானைட்தான். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பாட்டிலிலிருந்து ஒரு கை நீரைத் தரையில் தெளித்து, செருப்பை அதன் மேல் வைத்து, குதிகால் பகுதியை உள்ளங்கையால் பலமாக அழுத்தியபடி முன்னோக்கித் தள்ளிப் பாருங்கள். நல்ல ரப்பர் தயங்கித் தயங்கி, கீச்சென்ற ஒலியோடு நகரும்; வழுக்கும் செருப்பு ஓசையின்றி ஓடிவிடும். இரண்டு மூன்று செருப்புகளை ஒரே ஈரத்தில் அடுத்தடுத்துத் தள்ளினால், 'வழுக்காது' என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை உங்கள் கையே சொல்லிவிடும். அந்த நீரைத் துடைத்துவிட்டு வர மறக்காதீர்கள்.

எந்த ரப்பரும் சோப்பு நுரையிலும் எண்ணெயிலும் தோற்றுப்போகும். அம்மா விழுந்த இடம் குளியல் குழாயின் அருகே என்கிறீர்கள். குளத்தில் இறங்குமுன் தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. செருப்பை மாற்றினாலும் அந்த நான்கைந்து அடித் தூரத்தைக் கைப்பிடியைப் பற்றியபடியோ இன்னொருவர் தோளைப் பிடித்தபடியோதான் அவர் கடக்க வேண்டும்.

இதுவரை சொன்னது செருப்புக்கும் தரைக்கும் இடையிலான வழுக்கல். பாதத்துக்கும் செருப்புக்கும் இடையிலும் ஒரு வழுக்கல் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. செருப்பு தரையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கையில், ஈரக் கால் அதன் மேலேயே நழுவிப் பக்கவாட்டில் இறங்கினால் கணுக்கால் பிசகிவிடும். பாதத்தின் வடிவத்துக்கேற்பக் கிண்ணம்போல் குழிந்த மேல்தளம் காய்ந்திருக்கும்போது சுகமாக இருக்கும், ஆனால் குளத்திலிருந்து ஏறியதும் அதில் நீர் தேங்கிவிடும். செருப்பின் மேல் அரை டம்ளர் நீரை ஊற்றி, நடக்கும்போது சாய்வதைப் போல இருபுறமும் சாய்த்துப் பாருங்கள். மேல்தளத்து வரிகள் ஓரம்வரை ஓடினால் நீர் வழிந்துவிடும். புள்ளிப் புள்ளியாக மூடிய குழிகள் என்றால் அங்கேயே நிற்கும். குளத்துக்கு, அடிவரை ஊடுருவிய துளைகள் கொண்ட செருப்பு நல்லது. கடற்கரைக்கு அதே துளைகள் தொல்லை. ஒவ்வோர் அடிக்கும் கீழிருந்து மணல் மேலேறும், வெயிலில் அது சுடும் மணலாகவும் இருக்கும்.

ஒரே செருப்பு போதாது என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. குளத்தடிக்குத் தேவையான ஆழமான வரிகள் மணலைத் தேக்கிக்கொள்ளும். கடற்கரையிலிருந்து திரும்பியவர் அதே செருப்போடு ஈர டைல்ஸில் கால் வைத்தால், வரிகளிலிருந்து உதிரும் மணல் துகள்கள் செருப்புக்கும் தரைக்கும் நடுவே உருளத் தொடங்கும். அப்போது ரப்பரின் பிடிமானம் எதற்கும் உதவாது. காய்ந்த மணலிலோ வரிகளுக்கு வேலையே இல்லை. அங்கே வேண்டியவை இலேசான எடை, சூடு ஏறாத தடிமன், எளிதில் உதறிவிடக்கூடிய வழவழப்பான அடிப்பாகம். குளத்தில் குற்றமாக இருந்த ஈ.வி.ஏ.வின் குணங்கள் மணலில் குணங்களாகவே நிற்கின்றன. எனவே இப்போதுள்ள செருப்பைக் கடற்கரைக்கு ஒதுக்கிவிட்டு, குளத்துக்கு மட்டும் புதிதாக வாங்குங்கள் என்று சொல்ல நினைத்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், அதற்குமுன் அந்தச் செருப்பின் வாரைப் பார்த்தாக வேண்டும்.

கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் செருப்பில், அது கழன்றுவிடாதபடி விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. நீரில் ஊறிய தோல் மென்மையாகிவிடும். அதன்மேல் உப்பும் மணலும் ஒட்டிய வார் உரசினால், ஒரு கிலோமீட்டர் நடைக்குள் விரலிடுக்கு சிவந்து கொப்புளம் எழலாம். மற்றவர்களுக்கு எரிச்சல் உடனே தெரியும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிக்கு அந்த எச்சரிக்கை வராது. மணல் சுடுவதும் அவருக்குத் தாமதமாகவே தெரியும். ஆகவே விரலிடை வார் அவருக்கு இரண்டு இடத்திலும் வேண்டாம். மேற்பாதத்தின் குறுக்கே அகலமான பட்டையும், குதிகாலைப் பின்னால் பிடிக்கும் வாரும் கொண்ட சாண்டலே பொருந்தும். பின்வார் இருந்தால் விரல்கள் கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை, குதிகாலும் செருப்பை விட்டு விலகாது.

சர்க்கரை நோயாளிகளுக்கென மருந்துக் கடைகளில் கிடைக்கும் எம்.சி.ஆர். செருப்பைப் பற்றியும் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அதன் மேல்தளம் பாத அழுத்தத்தைப் பரப்புவதற்காகச் செய்யப்பட்ட மென்மையான ரப்பர்; அன்றாட நடைக்கு மிக நல்லது. ஆனால் அதன் வார்கள் பெரும்பாலும் தோலாலோ ரெக்ஸினாலோ ஆனவை. குளத்து நீரும் உப்பும் பட்டால் தோல் விறைத்து, ஓரங்கள் கடினமாகிப் பாதத்தை அறுக்கத் தொடங்கும். அதை ஈரத்துக்குக் கொண்டுபோகாமல் காப்பாற்றுங்கள்.

சாண்டல் வாங்கும்போது வாரின் உட்புறத்தைச் சுண்டுவிரலால் முழுதும் தடவிப் பாருங்கள். தையல் முடிச்சோ வெட்டு விளிம்போ தட்டுப்பட்டால் வேறொன்றைக் கேளுங்கள். துணி வார் மென்மையானது, ஆனால் மெதுவாகத்தான் காயும். தினமும் குளத்துக்குப் போகிறவருக்கு ஈரம் காயாத வார் தோல் தொற்றுக்கு வழிவகுக்கும். நீர் உறிஞ்சாத, ஓரம் உருட்டிய ரப்பர் வார் கிடைத்தால் அதுவே குளத்துக்குச் சிறந்தது. ஒட்டும் பட்டை உள்ளதென்றால் அதன் கொக்கிகளில் மணல் அடைந்து பிடிப்பு தளரும். பழைய பல் தேய்ப்பானால் வாரம் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். அளவு பார்ப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். முன்விளிம்பு விரல்களைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் நீண்டால் படியில் மடங்கித் தடுக்கிவிடும்.

பயன்படுத்தியபின் நல்ல தண்ணீரில் அலசி, சுவரில் சாய்த்து நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் ஈ.வி.ஏ. சுருங்கி வளைந்து, அளவே மாறிவிடும். நெடுநாள் அலமாரியில் கிடந்த, பி.யு. என்னும் பாலியூரித்தேன் அடிப்பாகம் கொண்ட சாண்டல் வீட்டில் இருந்தால், அதைக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பொருள் உள்ளேயே சிதைந்து, ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே பொடிப்பொடியாக உதிரும். குதிகால் வரிகள் தேய்ந்து சமமாகிவிட்டால், மற்ற பாகமெல்லாம் புதிதாக இருந்தாலும் குளத்துக்கு அந்தச் செருப்பின் காலம் முடிந்தது. அறுந்த வாரை ஊக்குக் குத்தி ஓட்டுவதும் அங்கே கூடாது.

புதுச் சாண்டலோடு முதல் நாள் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க விடாதீர்கள். திரும்பியதும் அம்மாவின் பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, வார் பட்ட இடங்களை நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள். அடிப்பாதத்தையும் பாருங்கள், அவரால் அதைக் குனிந்து பார்க்க முடியாது. அரைமணி நேரம் கழித்தும் சிவப்பு மறையாமல் இருந்தால் அந்த வார் அவருக்கு ஆகாது. பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தோல் உரிந்திருந்தால் கடற்கரையையும் குளத்தையும் நிறுத்திவைத்து, அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.