கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக நிர்வாகத்துக்கு எழுதும் கடிதம்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயிலில் செயலாளராக இருந்தவன் நான். இப்போது பொறுப்பில் இல்லை. படம் எடுக்க அனுமதி கேட்டு வந்த கடிதங்களைக் கூட்டத்தில் வாசித்தது என் வேலை என்பதால், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியும். அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

அண்ணே, நாங்கள் மூன்று பேர் பக்தி சேனல் நடத்துகிறோம். ஆடித் திருவிழாவை எடுக்கத் தலைவரிடம் புலனத்தில் கேட்டேன். "வாங்க தம்பி, தாராளமா எடுங்க" என்றார். இது போதாதா?

போதாது தம்பி. தலைவர் சொன்னது தலைவரின் சொல். நிர்வாகத்தின் முடிவு என்பது கூட்டக் குறிப்பில் ஏறியது மட்டும்தான். நம் மலேசியக் கோயில்கள் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை. ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் மாறலாம், இரண்டு அணிகள் இருக்கலாம். திருவிழா அன்று வாசலில் நிற்கும் தொண்டர் படைப் பையன் "யார் சொன்னது?" என்பான். நீ தலைவர் பெயரைச் சொன்னால், அவருக்கு ஆகாதவர் ஒருவர் அங்கேயே ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குத் தலைவரோ கரகத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார், போனை எடுக்க மாட்டார்.

கடிதத்தைச் செயலாளருக்கு எழுது, தலைவருக்கு ஒரு நகல் கொடு. மாதக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே செயலாளர் கையில் இருக்க வேண்டும். திருவிழாவுக்கு முந்தைய கூட்டம் பந்தல், அன்னதானம், உபயக்காரர் பட்டியல் என்று நிரம்பி வழியும். அதற்கும் முந்தைய கூட்டத்தில் உன் கடிதம் வந்தால்தான் நிதானமாகப் படிப்பார்கள். பதில் கோயிலின் கடிதத் தாளில், முத்திரையோடு, எந்தத் தேதிக் கூட்டத்தில் முடிவானது என்ற வரியோடு வரட்டும். அந்தத் தாளைப் படம் பிடித்து மூன்று பேரும் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? நான் சொன்ன பிறகும் கடிதமா என்பாரே. அப்புறம், என்னதான் எழுதுவது? எனக்கு "அனுமதி தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை.

"ஐயா, நீங்கள் சொன்னபடி செயலாளரிடம் எழுத்திலும் கொடுத்துவிட்டேன்" என்று சொல், கோபம் வராது.

பணிவு எல்லாக் கடிதத்திலும் இருக்கும். நிர்வாகத்தில் உள்ளவர்கள் தேடுவது வேறு: கேமரா எங்கே நிற்கும், காசு எங்கே போகும், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது. உன் கதையை வைத்தே எழுதிப் பார்த்தேன்:

> செயலாளர் அவர்கள்,
> ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் நிர்வாகம், ............ தோட்டம்.
>
> நகல்: தலைவர் அவர்கள்
>
> பொருள்: ஆடித் திருவிழாவைக் கோயில் வளாகத்தில் காணொளியாகப் பதிவு செய்ய அனுமதி
>
> ஐயா, வணக்கம். நாங்கள் மூவரும் இவ்வூரைச் சேர்ந்தவர்கள். ............ என்ற யூடியூப் பக்தி சேனலை நடத்துகிறோம். வரும் திருவிழாவில் சனிக்கிழமை மாலை கரக ஊர்வலத்தையும், ஞாயிறு காலை பால்குடம், உற்சவர் புறப்பாடு ஆகியவற்றையும் பதிவு செய்ய விரும்புகிறோம்.
>
> இரண்டு கேமராக்கள் மட்டும் கொண்டுவருவோம். ஒன்று கொடிமரத்துக்கு இடப்புறத் தூண் அருகே ஓரிடத்திலேயே நிற்கும். மற்றது கையில், கோயிலுக்கு வெளியே ஊர்வலத்தோடு வரும். மகாமண்டபத்தைத் தாண்டி உள்ளே வரமாட்டோம். மூலவரையும், திரை போட்ட நேரத்தையும் எடுக்க மாட்டோம். கூடுதல் விளக்கு, கோயில் மின்சாரம் பயன்படுத்த மாட்டோம். குருக்களோ தொண்டர்களோ நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துவோம்.
>
> காணொளியில் நன்கொடை கேட்க மாட்டோம். எங்கள் கியூஆர் குறியீடு எதுவும் இடம்பெறாது. வெளியிடுவதற்கு மூன்று நாள் முன் தங்களுக்கு அனுப்புவோம். நீக்கச் சொல்லும் பகுதியை நீக்குவோம். முழுப் பதிவின் நகல் ஒன்றைக் கோயிலுக்குத் தருவோம்.
>
> மூவரின் பெயர், அடையாள அட்டை நகல், தொலைபேசி எண் இணைத்துள்ளோம். பதிவு நாள்களில் பொறுப்பாளர்: ............
>
> இப்படிக்கு,

ஒரு பக்கத்துக்குள் நிற்கிறது பார். "கொடிமரத்துக்கு இடப்புறத் தூண்" என்ற வரிதான் இதில் அதிக வேலை செய்யும். போன வாரமே போய் நின்று பார்த்தவன்தான் இப்படி எழுதுவான் என்று தெரியும். உங்கள் கோயிலில் கொடிமரம் இல்லாவிட்டால் வேறு இடத்தை எழுது, என் தூணைக் காப்பியடிக்காதே. மின்சாரம் வேண்டாம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. பழைய தோட்டக் கோயிலின் வயரிங்கில் பந்தல் விளக்கும் ஒலிபெருக்கியும் ஏறியிருக்கும் நாளில் உன் விளக்கையும் செருகினால் மொத்தமும் அணையலாம்.

மூன்று நாள் முன் காட்டுவது உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அருள் வந்து ஆடும் ஒரு பெண் சேலை விலகியதுகூடத் தெரியாமல் நிற்பார். தோட்டத்தில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அது யார் வீட்டுப் பிள்ளை என்று நிர்வாகத்துக்குத் தெரியும், உனக்குத் தெரியாது.

தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் லைசன்ஸ் இல்லாமல் மலேசியாவில் கேமராவைத் தூக்கவே கூடாது. கோயில் நிர்வாகம் கொடுக்கும் கடிதம் செல்லாது. முதலில் அதைச் சொல்லுங்கள் ஐயா.

பாதி சரி. பினாஸ் சட்டம் 1981ஆம் ஆண்டுடையது, அதில் திரைப்படம் என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வந்த ஒரு பதிலால், சமூக ஊடகத்தில் காணொளி போடுகிறவர்களுக்கும் லைசன்ஸ் வேண்டும் என்று ஒரு பரபரப்பு கிளம்பியது. பிறகு அமைச்சரே, சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் தனிநபர்கள் வழக்கம்போல் தொடரலாம் என்று தெளிவுபடுத்தினார். இந்த மூன்று பையன்கள் போனும் ஒரு கேமராவுமாகப் போவது அந்தக் கணக்கு. ஒரு தொலைக்காட்சிக்கு விற்பதற்காகத் தயாரிப்பு நிறுவனமாக வந்தால் கதை வேறு, அப்போது லைசன்ஸ் எண்ணையும் கடிதத்தில் போட வேண்டும். ஆனால் நிர்வாகக் கடிதம் செல்லாது என்பது தவறு. லைசன்ஸ் வைத்திருந்தாலும் கோயிலுக்குள் நிற்க நிர்வாகம்தான் இடம் தர வேண்டும்.

சரி ஐயா, தொழிலாக எடுப்பவர்களைத்தான் சொன்னேன். ஆனாலும் லைசன்ஸ் இருந்தால் நல்லது.

இருந்தால் நல்லதுதான்.

அண்ணா, என் தங்கை கல்யாணம் கோயில் மண்டபத்தில். போட்டோக்காரர் எங்கள் கல்யாண வீடியோவை அவர் பக்கத்தில் போட்டுவிட்டார். இதற்கும் நிர்வாகத்திடம் கடிதம் வாங்கியிருக்க வேண்டுமா?

உங்கள் கேள்வி வேறு தங்கச்சி, ஆனால் சேனல்காரர்களுக்கும் இது உதவும். 1987ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை எடுக்கச் சொன்னவருக்கு. அதனால் முதலில் அவரிடம் போட்ட ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அவர் பக்கத்திலிருந்து வீடியோவை நீக்கச் சொல்லலாம்.

இதையே கோயிலுக்குத் திருப்பிப் பாருங்கள். சேனல் தானாக வந்து எடுத்தால் காணொளி சேனலுடையது. நிர்வாகம் "இந்தா ஐந்நூறு வெள்ளி, எடுத்துக் கொடு" என்றால் அது கோயிலுடையதாகிவிடும். பையன்கள் அன்பளிப்பு வாங்குவதற்கு முன் இதைக் கடிதத்தில் ஒரு வரியில் பேசிவிட வேண்டும்.

நான் ஒரு கோயிலில் பொருளாளர். கடிதமெல்லாம் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். காணொளிக்குக் கீழே அவர்களுடைய டூயிட்நவ் கியூஆரைப் போட்டு "கோயில் திருப்பணிக்கு" என்கிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் என்னைத்தான் கேட்கிறார்கள், அந்தப் பணம் எங்கே என்று.

அக்கா, அதனால்தான் மேலே கியூஆர் வரி. கோயில் பெயரில் வரும் காசுக்கு ரசீது கோயிலுடையதாக இருக்க வேண்டும். சேனல் உதவ நினைத்தால் கோயில் கணக்கின் கியூஆரை மட்டும் போடட்டும், அதையும் நீங்கள் எழுத்தில் அனுமதித்த பிறகு. ஏற்கனவே போட்டிருந்தால் தேதி குறித்து நீக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பி, நகலைக் கூட்டத்தில் வையுங்கள். விளம்பர வருமானம் வேறு, அது சேனலுடையது. அதில் பங்கு கேட்கும் நிர்வாகங்களும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை, ஆனால் கேட்பது தவறு என்றும் சொல்ல மாட்டேன்.

மூலவரை எடுக்கக்கூடாது என்கிறீர்கள். எத்தனையோ கோயில்கள் அபிஷேகத்தை நேரலையே விடுகின்றனவே?

விடுகிறார்கள். சில குருக்கள் ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் கேமராவைப் பார்த்தாலே மணியை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கும்பாபிஷேகத்தில் கோபுரக் கலசத்துக்கு நீர் ஊற்றுவதை மட்டும் விடுவோம், கருவறை கூடாது என்பவர்களும் உண்டு. எங்கள் கோயிலிலேயே இரண்டு குருக்களுக்கு இரண்டு கருத்து. நிர்வாகம் அனுமதித்தாலும் குருக்களைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள். முதல் கடிதத்தில் மட்டும் இதைக் கேட்காதீர்கள், மொத்தமும் போய்விடும்.

டிரோன் விட்டால் கோபுரம் அழகாக வருமே அண்ணே?

வரும், ஆனால் அதற்கு வேறு ஒரு கட்டுக் கடிதம் வேண்டும். விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன: 400 அடிக்கு மேல் போகக்கூடாது, கூட்டத்துக்கு அருகே பறக்கவிட அவர்கள் அனுமதி வேண்டும். வானிலிருந்து எடுக்கும் படத்துக்கு நில அளவை, வரைபட இலாகாவையும் கேட்க வேண்டும். அதோடு, பல தோட்டக் கோயில்களைச் சுற்றியுள்ள நிலம் இன்னமும் தோட்ட நிறுவனத்துடையது. நிர்வாகக் கடிதத்தை வைத்துக்கொண்டு எண்ணெய்ப்பனைக்கு மேலே பறக்கவிட்டால் மேனேஜர் கேட்பார், கோயில் அவரோடு கொண்டிருக்கும் நல்லுறவுக்கும் ஆபத்து. மேனேஜருக்குத் தனிக் கடிதம் எழுது, மலாயில். கலசத்துக்கு மேலே எதுவும் பறக்கக்கூடாது என்று நினைக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். திருவிழா இல்லாத ஒரு நாளில், அனுமதிகளோடு, கோபுரத்துக்கு ஒரு பக்கமாக எடு.

எல்லா அனுமதியும் வாங்கிப் போட்டோம். நாதஸ்வரம் வரும் இடத்தில் யூடியூப் காப்புரிமைக் கோரிக்கை அனுப்பிவிட்டது. நிர்வாகக் கடிதத்தைக் காட்டினால் நீக்குவார்களா?

மாட்டார்கள். நிர்வாகம் கொடுத்தது இடத்துக்கான அனுமதி, பாட்டுக்கு இல்லை. எங்கே மாட்டியது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப் பாடல் ஒலிப்பதிவு பின்னணியில் பதிந்திருக்கும். இல்லையென்றால் வித்வான் சினிமா மெட்டு வாசித்திருப்பார், கூட்டம் கேட்டால் வாசிப்பார்கள்தானே. ஒலிபெருக்கிதான் காரணம் என்றால் அந்தப் பகுதியின் ஒலியை எடுத்துவிட்டு வேறு நேரத்து மணியோசையைச் சேருங்கள். அடுத்த முறை புறப்பாடு நேரத்தில் மட்டும் ஒலிப்பதிவை நிறுத்தித் தரச் சொல்லிக் கடிதத்திலேயே கேளுங்கள், தருவார்கள். வித்வானிடம் தனியாகச் சம்மதம் வாங்குங்கள். நேரடி வாசிப்பைப் பதிவு செய்ய வாசிப்பவரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதே 1987 சட்டத்தில் இருக்கிறது. அவர் சார்பில் நிர்வாகம் கையெழுத்துப் போட முடியாது.

கடிதம் கொடுத்து இரண்டு கூட்டம் ஆகிவிட்டது. பதிலே இல்லை. போய் எடுத்துவிடலாமா?

வேண்டாம். கடிதம் கூட்டத்தில் வாசிக்கப்பட்டதா என்று மட்டும் செயலாளரிடம் கேளுங்கள். வாசிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது என்றால், யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு வரி பிடிக்கவில்லை. அது எந்த வரி என்று செயலாளருக்குத் தெரியும், நேரில் போனால் சொல்வார். வாசிக்கவே இல்லை என்றால், பெறப்பட்டது என்று தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு இன்னொரு நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.