ஸ்கிரீன்ஷொட்டில் தெரிவது ஒதுக்கலா, பதற்றமா? திருகோணமலை வாசகர் கேள்வி பதில்

உப்புவெளி வாசகி: நிலாவெளிப் பயணத்துக்கு ஒரு குறூப் போட்டிருக்கினம், நான் அதில இல்ல. தோழி ஒருத்தி அதின்ர ஸ்கிரீன்ஷொட் அனுப்பினா. "அவவுக்குச் சொல்ல வேணாம்" எண்டு கிடக்கு. மேல உள்ள மெசேஜ் பாதி வெட்டுப்பட்டிருக்கு, கீழ ஒரு தம்ஸ்அப். என்னைத்தானே?

பதில்: தங்கச்சி, படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கோ. ஒரு வரி, ஒரு வெட்டு, ஒரு தம்ஸ்அப். பெயர் இல்லை. ஆரைப் பற்றிய பேச்சு என்பது அந்த வெட்டுப்பட்ட பாதியில்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பியது உங்கட பயம்.

1960இல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, அவற்றின் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பலர் "இரண்டிரண்டாகக் கூடுது" என்று நினைத்து, 8, 10, 12 மாதிரிப் பொருந்துகிறவற்றையே சொல்லிப் பார்த்தார்கள். விதியோ, எண்கள் ஏறிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். 1, 2, 3 சரியா என்று கேட்டிருந்தால் தங்கட எண்ணம் பிழை என்று உடனே பிடிபட்டிருக்கும்.

நீங்களும் இப்ப 8, 10, 12தான் தேடுறீங்கள்: ஸ்டேட்டஸ் பார்க்காத நாள், சுருக்கமாக வந்த பதில். உங்கட 1, 2, 3 இது: "இது என்னைப் பற்றி இல்லையெண்டால் வேறு எங்கே என்ன தெரிய வேணும்?" ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லியாச்சு என்பதால் அப்படி எழுதியிருந்தால், ஒழுங்குசெய்தவவின் சாட்டில் "நிலாவெளி" என்று தேடினால் ஏதாவது அகப்படும். பேச்சு வேறொருத்தியின் அம்மாவைப் பற்றியதென்றால், வெட்டாத படத்தில் அது இருக்கும். இன்னொன்று: வலப்பக்கம் பெயரில்லாமல் வருகிற செய்தி, ஸ்கிரீன்ஷொட் எடுத்தவவே எழுதியது. அந்த வரி எந்தப் பக்கம் நிற்குது என்று பாருங்கோ. கனபேர் இதைக் கவனிப்பதில்லை.

கிண்ணியா வாசகர்: சார்ஜ் இல்ல, போன் ஓஃப் எண்டு காலையில சொன்ன கூட்டாளி, 10.40க்குக் குறூப்பில சிரிச்சுக் கதைச்சிருக்கான். கனடாவில இருக்கிற மச்சான் அனுப்பின படம். இதுக்கு மேல ஆதாரம் வேணுமா?

பதில்: வேணும் தம்பி. ஸ்கிரீன்ஷொட்டில் தெரிவது அதை எடுத்த போனின் நேரம். மச்சான் ரொறொன்ரோவில் என்றால், கோடையில் அங்கே காலை 10.40 இங்கே இரவு 8.10. குளிர்காலத்தில் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட. "பொய் சொல்றான்" என்று முதலே முடிவெடுத்தவருக்கு இந்தக் கணக்குப் போடத் தோன்றாது.

மூதூர் வாசகி: நீலக் கோடு ரெண்டும் விழுந்து பதில் இல்லையெண்டா அது ஒதுக்கல்தான். இதில என்ன பதற்றம்?

பதில்: பாதி சரி. நீலக் கோடு சாட் திறக்கப்பட்டதைக் காட்டும், ஏன் எழுதவில்லை என்பதைக் காட்டாது. ஒரு தரம் நடந்ததை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. கிழமைக்கணக்காக ஒரே மாதிரி நடந்தால் அது கணக்கில் வரும். ஆனால் பதில் வந்த தடவைகளையும் சேர்த்து எண்ணுங்கோ. பதற்றமோ, வராத பதில்களை மட்டும்தான் எண்ணும்.

கிண்ணியா வாசகர் மீண்டும்: சரி, நேரத்தை விடுவம். படத்தை மூண்டு பேரிட்டக் காட்டினன், மூண்டு பேரும் அவன் என்னை விலத்துறான் எண்டினம்.

பதில்: கதையைச் சொல்லிப்போட்டுக் காட்டினீங்களா? அப்படியென்றால் அவர்கள் பார்த்தது உங்கட கதையைத்தான். ஒன்றும் சொல்லாமல் ஒருவரிடம் மட்டும் காட்டி, "இதில என்ன நடக்குது?" என்று கேளுங்கோ. நாலாவது, அஞ்சாவது ஆளிடம் போக வேண்டாம். ஒவ்வொரு ஆறுதலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும், பிறகு இன்னொன்று கேட்கத் தோன்றும்.

தம்பலகாமம் வாசகி: படுக்கைக்குப் போனா அதையே பெரிசாக்கிப் பாக்கிறன். நித்திரை இல்ல.

பதில்: பெரிதாக்கினால் எழுத்துத்தான் பெருக்கும், புதுத் தகவல் வராது. இரவில் பதில் எழுதாதேங்கோ. எழுதினதை அனுப்பாமல் வைத்து, விடிய வாசித்துப் பாருங்கோ. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லாமல் போனால் 1926க்கு அழையுங்கோ, அது தேசிய மனநல உதவி இலக்கம்.

உப்புவெளி வாசகி மீண்டும்: எல்லாம் பாத்தும் அது என்னைத்தான் எண்டா?

பதில்: இருக்கலாம். பதற்றக்காரர் சொல்வதெல்லாம் பிழை என்று இல்லை. ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டாமல், ஒழுங்குசெய்தவவிடம் "நிலாவெளிக்குப் போறீங்களாம், நானும் வரலாமா?" என்று ஒரே வரியில் கேளுங்கோ. மழுப்பலாகப் பதில் வந்தால், அடுத்த ஒன்றிரண்டு பயணத்தில் என்ன நடக்குது என்று பாருங்கோ. மேல்பாதியை வெட்டி அனுப்பினது ஏன் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அதை அந்தத் தோழியிடம்தான் கேட்க வேணும்.