கூட்டத்துக்கு அழைக்கும் கடிதம்: கேள்வி பதில்

போர்ட் லூயிஸ், துணி ஆலை அலுவலகம்: அண்ணா, ஷிப்மென்ட் தள்ளிப்போனது பற்றிப் பேச, பதினொரு பேருக்கு "செவ்வாய் 2 மணிக்குக் கூட்டம், அவசியம் வரவும்" என்று அனுப்பினேன். ஆறு பேர்தான் வந்தார்கள். என்ன தப்பு, உங்கள் தங்கச்சி நான் வருத்தப்படுவதில் நியாயம் உண்டா?

உண்டு, ஆனால் வராதவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அந்த வரியை வைத்து ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதுமுன் உன்னையே கேட்டுக்கொள்: எழுந்து போகும்போது எது முடிவாகியிருக்க வேண்டும்? நான் இப்படி எழுதியிருப்பேன்:

"கப்பல் ஒரு வாரம் தாமதம். டர்பனுக்கு எந்த ஆர்டரை முதலில் அனுப்புவது என்று செவ்வாய் முடிவெடுக்க வேண்டும். 2.00 முதல் 2.40 வரை, மாடி அறையில்.
2.00: தைத்து முடிந்தது எவ்வளவு? தையல் பிரிவு சொல்லும்.
2.10: எது முதலில் போகும்? முடிவு.
2.30: தாமதத்துக்குத் தள்ளுபடி தரலாமா? கணக்குப் பிரிவு இதற்கு மட்டும் வந்தால் போதும்.
இந்த நேரம் சரிப்படாவிட்டால் திங்கள் மதியத்துக்குள் சொல்லுங்கள்."

பேச வேண்டிய விஷயத்தைத் தலைப்பாகப் போடாமல் கேள்வியாகப் போட்டதைப் பார். 'ஷிப்மென்ட் நிலவரம்' என்று போட்டால் ஆளாளுக்குப் பேசிக் கலைவார்கள். கணக்குப் பிரிவுக்கு அரை மணி நேரம் மிச்சம். அதுதான் மரியாதை, 'தயவுசெய்து' அல்ல. கூட்டத்தில் வேலையில்லாதவர்களை அழைக்காதே, முடிவை மட்டும் அன்று மாலையே இரண்டு வரியில் அனுப்பு.

ரீயூனியன், சேன் தெனி: பாரிஸ் ஆட்களோடு வாராவாரம் கூட்டம். நேரத்தை ஜி.எம்.டி.யில் போட்டுவிட்டால் குழப்பம் வராது, சரிதானே?

பாதி சரி. நேரம் தவறாது, ஆனால் கணக்குப் போடும் வேலை அழைக்கப்பட்டவர் தலையில் விழுகிறது. உங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாரிஸில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள், உங்கள் தீவில் மாற்றுவதில்லை. பாரிஸ் காலை 9 மணி கோடையில் உங்களுக்கு 11, குளிர்காலத்தில் 12. அதாவது அக்டோபருக்குப் பிறகு அதே கூட்டம் உங்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து விழும். காலண்டர் அழைப்பு தானாக மாறிக்கொள்ளும், கடிதத்தில் கையால் எழுதிய நேரம் மாறாது. இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள், மாறும் வாரத்தில் புதிதாக அனுப்புங்கள்.

டர்பன்: காவடி எடுக்கும் நாளில் கூட்டம் வைத்துவிட்டார்கள். நான் போகாமல் இருக்கலாமா?

லீவு விஷயத்தை உங்கள் மேலாளரிடம்தான் பேச வேண்டும். மொரிஷியஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை, உங்கள் நாட்டில் இல்லை. அதனால் அழைத்தவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். இன்றே மாற்று நாள் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்.

போர்ட் லூயிஸ், அதே தங்கை: சிலருக்கு 'விருப்பமிருந்தால் வரலாம்' என்று போடலாமா?

நான் போடுவேன். ஆனால் பெரியவர் கையிலிருந்து வரும் 'விருப்பமிருந்தால்' என்பதைப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கட்டளையாகத்தான் படிக்கிறார்கள். நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் வந்து உட்கார்ந்தார்கள். வேறு வழி கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.